அஸ்திவாரத்துக்கு எவ்வளவு, கூரைக்கு எவ்வளவு?

தமிழ்நாட்டில் எந்த ஊரின் புறநகருக்குப் போனாலும் ஒரு வீடாவது பாதியில் நிற்கும். சுவர் எழும்பியிருக்கும், கூரையும் போட்டிருப்பார்கள். பூச்சு இருக்காது, ஜன்னல் இருக்காது. மொட்டை மாடியில் கம்பிகள் துருவேறி நீட்டிக்கொண்டிருக்கும். கடன் கிடைக்காதது, பாகப்பிரிவினைத் தகராறு, வெளிநாட்டு வேலை போனது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் சொல்வார்கள். ஆனால் ஒப்பந்தக்காரரோடு மனத்தாங்கல் வந்து நின்ற வீடு என்றால், அது கூரைக்குப் பிறகு நின்றதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். திருச்சிப் பக்கம் 1,000 சதுர அடியில் ஒரு தரைத்தள வீடு. சிமென்ட், கம்பி, கூலி எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று பேசி, மொத்தம் 24 லட்சம். ஒப்பந்தக்காரர் நீட்டும் தாளில் தவணை இப்படி இருக்கிறது: கையெழுத்துப் போடும்போது 20 சதவீதம், பேஸ்மென்ட் தொடங்கும்போது 25, லிண்டலுக்கு 20, கூரைக்கு 25, பூச்சுக்கு 7, சாவி கொடுக்கும்போது 3. பார்வைக்கு ஒழுங்காகத்தான் தெரிகிறது. கூட்டிப் பார்த்தால், கூரைக்கு காங்கிரீட் போடும் நாளில் 90 சதவீதம், அதாவது 21 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய், வீட்டுக்காரரின் கையை விட்டுப் போயிருக்கும்.

அந்த நாளில் நின்றிருக்கும் வேலையின் மதிப்பு என்ன? இந்த அளவு வீட்டில் கூரை வரையிலான வேலை மொத்தச் செலவில் பாதிக்குச் சற்று மேலே வரும். 55 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 13 லட்சத்து 20 ஆயிரம். ஆக 8 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் வேலைக்கு முன்னால் ஓடிவிட்டது. மிச்சமிருக்கும் பூச்சு, தரை, கதவு, மின்சாரம், பெயின்ட் எல்லாவற்றுக்கும் 10 லட்சத்து 80 ஆயிரம் வேண்டும். வீட்டுக்காரரிடம் இருப்பதோ 2 லட்சத்து 40 ஆயிரம். ஒப்பந்தக்காரர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டியதே இல்லை. வாங்கிய பணம் அவருடைய அடுத்த சைட்டின் கம்பியாக மாறியிருக்கும். இனி இந்த வீட்டில் வேலை செய்தால் அவருக்குக் கைநஷ்டம். முதலில் ஆட்கள் குறைவார்கள், பிறகு போனை எடுக்க மாட்டார், பிறகு 'சிமென்ட் விலை ஏறிப்போச்சு சார், பார்த்துக் கொடுங்க' என்ற பேச்சு வரும்.

தவணையை மாற்றி எழுதினால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அதே 24 லட்சத்தில் முன்பணம் 5 சதவீதம் போதும். ஃபுட்டிங்கும் தரைமட்டம் வரை தூண்களும் முடிந்ததும் 8 சதவீதம், பேஸ்மென்ட் முடிந்ததும் 10, லிண்டல் முடிந்ததும் 14. கூரைக்கான 15 சதவீதத்தை இரண்டாகப் பிரித்து, கம்பி கட்டி முடித்துப் பரிசோதித்ததும் 5, சென்ட்ரிங் பிரித்து அடிப்பக்கத்தைப் பார்த்ததும் 10. இதுவரை போனது 52 சதவீதம். அதன்பின் பைப்பும் பூச்சும் 15, தரையும் குளியலறையும் மொட்டை மாடியும் 13, கதவு ஜன்னல் பெயின்ட் 10, ஒப்படைக்கும்போது 5. கடைசி 5 சதவீதம் பிடித்தம். ஒரு மழைக்காலம் கழிந்த பிறகுதான் அது போகும்.

இந்த ஏற்பாட்டில் கூரை முடிந்த கட்டத்தில் வீட்டுக்காரர் கையில் 11 லட்சத்து 52 ஆயிரம் இருக்கும். மிச்ச வேலைக்குத் தேவையானதைவிட அது கொஞ்சம் அதிகம். ஒப்பந்தக்காரர் விலகினாலும் இன்னொருவரை வைத்து முடித்துவிடலாம். விலகாமல் இருப்பதுதான் அவருக்கும் லாபம்.

பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் பணம் கொடுக்கின்றன. வீட்டுக் கடனைக் கட்டுமானம் வளரும் நிலைகளோடு பிணைத்தே வழங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013-ல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. கிராமப்புறத்துக்கான பிரதமரின் வீடு கட்டும் திட்டத்தில், ஒவ்வொரு நிலையிலும் இடக்குறியீட்டோடு புகைப்படம் ஏறிய பிறகே அடுத்த தவணை விடுவிக்கப்படுகிறது.

யார் பார்ப்பது?

தவணையைப் பிரித்தால் மட்டும் போதாது. 'முடிந்தது' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அரசு அலுவலர் வந்து கம்பியை எண்ணிப் பார்ப்பார் என்று காத்திருக்க முடியாது. 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது நல்லதுதான். தரத்துக்கான பொறுப்பு முழுக்க வீட்டுக்காரர் தலையில்தான்.

வங்கியின் பொறியாளர் வருவார். ஆனால் அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்கு ஈடான வேலை நடந்திருக்கிறதா என்பதை. கூரை போட்டிருக்கிறதா என்று பார்ப்பாரே தவிர, கூரைக்குள் கம்பி சரியாக இருக்கிறதா என்பது அவர் வேலை அல்ல. அவர் வரும்போது அது காங்கிரீட்டுக்குள் மறைந்தும் போயிருக்கும். ஆகவே ஒப்பந்தக்காரரோடு தொடர்பில்லாத ஒரு சிவில் இன்ஜினியரை, ஒரு தடவை வந்து பார்ப்பதற்கு இவ்வளவு என்று பேசி வைத்துக்கொள்வது நல்லது. வரைபடம் போட்டவரே ஒப்பந்தக்காரராகவும் இருந்து, அவரே சான்றும் கொடுத்தால் அது தன் விடைத்தாளைத் தானே திருத்துவது போலத்தான்.

அவர் தினமும் வர வேண்டியதில்லை. ஏதாவது ஒன்று மூடப்படப் போகிறது என்றால் அதற்கு முந்தைய நாள் வந்தால் போதும். மண் மூடும் முன் குழி, காங்கிரீட் மூடும் முன் கம்பி, பூச்சு மூடும் முன் பைப், டைல்ஸ் மூடும் முன் குளியலறைத் தளம். 'இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் மூடக்கூடாது. மூடினால் உடைத்துக் காட்ட வேண்டும்' என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்துவிட வேண்டும்.

தை முதல் பேஸ்மென்ட் வரை

ஐப்பசி அடைமழைக்கு முன் வீடு முடிய வேண்டுமென்றால் தை மாத வாஸ்து நாளில் பூமி பூஜை போடுவது வசதி. ஜனவரி கடைசியில் குழி வெட்டினால் மார்ச் முதல் வாரத்துக்குள் பேஸ்மென்ட் முடிந்துவிடும்.

முதல் பரிசோதனை, குழி வெட்டியதும். வரைபடத்தில் 5 அடி என்று போட்டிருக்கலாம். ஆனால் ஆழத்தை முடிவு செய்வது மண். அடியில் கெட்டியான மண் தட்டுப்பட வேண்டும். பழைய குப்பையோ, கொட்டி நிரப்பிய மண்ணோ, காலால் அழுத்தினால் உள்வாங்கும் ஈரமோ தெரிந்தால் இன்னும் வெட்ட வேண்டும், அல்லது ஃபுட்டிங் அளவை மாற்ற வேண்டும். கோவை, மதுரைப் பகுதிகளின் கரிசல் மண் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும். அங்கே பக்கத்து வீட்டைப் பார்த்து அதே ஆழம் வெட்டுவது ஆபத்து. மண் பரிசோதனை செய்துவிட்டுத்தான் வரைபடமே போட வேண்டும். அடுத்து, ஃபுட்டிங்கின் கம்பி வலை நேராக மண்மேல் கிடக்கக்கூடாது. இந்தியத் தர விதியின்படி அடியில் 50 மில்லிமீட்டர், ஏறக்குறைய 2 அங்குலம், காங்கிரீட் மறைப்பு வேண்டும். அதற்குத்தான் கவர் பிளாக்.

இரண்டாவது பரிசோதனையைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. பேஸ்மென்ட்டுக்குள் கிராவல் நிரப்புவதுதான் அது. லாரி லாரியாகக் கொட்டி, மேலே மட்டம் பார்த்துவிட்டு, அடுத்த நாளே பிசிசி போட்டுவிடுவார்கள். இரண்டு வருஷம் கழித்து ஹாலில் டைல்ஸ் நடுவில் பள்ளம் விழும், ஓரத்தில் சுவரை விட்டு இடைவெளி தெரியும். டைல்ஸ் ஒட்டியவரைத் திட்டுவார்கள். தப்பு டைல்ஸில் இல்லை. மூன்று அடி உயரத்துக்கு ஒரே மூச்சில் கொட்டிய மண், மெல்ல மெல்ல அமர்ந்திருக்கிறது. 6 முதல் 9 அங்குலம் வரை ஒரு அடுக்கு, அதற்குத் தண்ணீர், அதன்மேல் திமிசு அல்லது இயந்திரத்தால் இடி, பிறகு அடுத்த அடுக்கு என்று நிரப்ப வேண்டும். மேலே தரை போடும் முன் கறையான் மருந்து. இவற்றுக்குப் புகைப்படம் கேட்டு, அதைப் பார்த்த பிறகு 10 சதவீதத்தைக் கொடுத்தால் மேஸ்திரிக்கும் அவசரம் குறையும்.

லிண்டல் வரையிலான சுவர் ஒப்பீட்டளவில் பயமில்லாத கட்டம். தப்பு நடந்தால் கண்ணுக்குத் தெரியும். செங்கல் நனைத்துக் கட்டுகிறார்களா, தூக்குக் குண்டு விட்டால் சுவர் நேராக இருக்கிறதா, ஒரே நாளில் ஐந்து அடிக்கு மேல் ஏற்றாமல் இருக்கிறார்களா என்று பார்த்தால் போதும். நிலை வைக்கும் நாளுக்குச் சொந்தபந்தம் எல்லாம் வருவார்கள். அன்றைக்கே கதவு, ஜன்னல் இடங்களைப் பெண்கள் ஒருமுறை சரிபார்த்துவிட்டால், பிற்பாடு சுவரை உடைக்கும் வேலை மிச்சம்.

கூரைக்கு முந்தைய நாள்

ஏப்ரல் நடுவில் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடிப்பார்கள். காங்கிரீட்டுக்கு முந்தைய நாள் மாலை இன்ஜினியர் டேப்போடு மேலே ஏறுவதுதான் மொத்த வீட்டிலும் முக்கியமான ஒரு மணி நேரம்.

அவர் முதலில் கீழேதான் பார்ப்பார். முட்டுக்கால்கள் கெட்டியான தளத்தில் நிற்கின்றனவா, இல்லை உடைந்த செங்கலை அடியில் கொடுத்து உயரம் சரிக்கட்டியிருக்கிறார்களா? ஈரக் காங்கிரீட்டின் பாரத்தில் அந்தச் செங்கல் நொறுங்கினால் கூரை அந்த இடத்தில் தொய்ந்துவிடும். மேலே ஏறியதும் கம்பியின் இடைவெளியை அளப்பார். வரைபடத்தில் 6 அங்குலம் என்று இருக்கும். மூலைகளில் 8 அங்குலமாக விலகியிருப்பது சகஜம். அடிக்கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் இருக்க வேண்டும். கல் சில்லு வைத்திருந்தால் காங்கிரீட் போடும்போது நழுவி, கம்பி பலகையோடு ஒட்டிக்கொள்ளும். சில வருஷத்தில் படுக்கையறைக் கூரையிலிருந்து துருப்பிடித்த கம்பியோடு காரை பெயர்ந்து விழுவதன் ஆரம்பம் அதுதான்.

அவர் அதிக நேரம் நிற்பது பீம்களின் மேல். கூரை, சுவரையும் பீமையும் கடக்கும் இடத்தில் இழுவிசை மேற்பக்கம் வரும். அதனால் அங்கே கம்பியை வளைத்து மேலே தூக்கியிருப்பார்கள். கட்டி முடித்ததும் எலக்ட்ரீஷியன் பைப் போட நடப்பார், சித்தாள்கள் நடப்பார்கள், மேலே நிற்க வேண்டிய கம்பி மிதிபட்டுக் கீழே படுத்துவிடும். எண்ணிக்கையில் கம்பி சரியாக இருக்கும், வேலை செய்ய வேண்டிய இடத்தில் மட்டும் இருக்காது. அடியில் நாற்காலிக் கம்பி கொடுத்து நிமிர்த்திவிட்டு, காங்கிரீட் போடும்போது நடப்பதற்குப் பலகை போடச் சொல்வார். இவ்வளவும் சரியானதும் கையெழுத்து. கூரைத் தவணையில் 5 சதவீதம், 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய், அன்றே போகும்.

அடுத்த நாள் கண் வைக்க வேண்டியது தண்ணீரில். வீட்டுக் கூரைகளுக்கு வழக்கமான எம்20 காங்கிரீட்டில் சிமென்ட் எடையில் 0.55 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு 27.5 லிட்டர், மணலில் ஈரம் இருந்தால் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். குழைவாக இருந்தால் தள்ளுவது சுலபம் என்பதால் ஆட்கள் குழாயைத் திறந்துவிடுவார்கள். கூடுதல் தண்ணீர் காய்ந்து போன இடமெல்லாம் நுண்துளையாகி, பலம் குறையும், பின்னாளில் ஒழுகும்.

இதைக் கண்ணால் மட்டும் நம்ப வேண்டியதில்லை. 1,000 சதுர அடிக்கு 5 அங்குலக் கனத்தில் தளம் என்றால் ஏறக்குறைய 12 கன மீட்டர் காங்கிரீட், பீம் தனி. இந்த அளவுக்குக் குறைந்தது இரண்டு முறை மாதிரி எடுக்க வேண்டும் என்கிறது தர விதி. ஒரு மாதிரிக்கு 15 சென்டிமீட்டர் கனசதுரங்கள் மூன்று. 28-ஆம் நாள் ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்தால் பலம் எண்ணாகக் கையில் வந்துவிடும். கூரைக்கான பணத்தை 28 நாள் நிறுத்தி வைப்பது நியாயமில்லை. அதனால் கனசதுர முடிவை அடுத்த தவணையான பூச்சோடு பிணைத்துவிடலாம்.

பிறகு காத்திருப்பு. மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். கடைகளில் இப்போது அதிகம் கிடைக்கும் பிபிசி சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள். வறண்ட வெயில் காலத்தில் 14 நாள். ஏப்ரல் வெயிலில் பாத்தி மதியத்துக்குள் வற்றிவிடும் என்பதால் காலையும் மாலையும் நிரப்ப ஓர் ஆள் வேண்டும். சென்ட்ரிங்கைப் பொறுத்தவரை, 4.5 மீட்டருக்குள் அகலமுள்ள தளத்தின் முட்டுகளை 7 நாளிலும், அதைவிடப் பெரியதை 14 நாளிலும், 6 மீட்டர் வரை நீளமுள்ள பீமின் முட்டுகளை 14 நாளிலும் எடுக்கலாம் என்கிறது விதி. அது சாதா சிமென்ட்டுக்குச் சொன்னது. பிபிசிக்கு இன்னும் சில நாள் கூட்டிக்கொள்வது வழக்கம். வாடகைப் பலகையை அடுத்த சைட்டுக்குக் கொண்டுபோகும் அவசரம் மேஸ்திரிக்கு இருக்கும். மிச்ச 10 சதவீதம் கையில் இருந்தால்தான் அந்த அவசரத்துக்கு அணை போட முடியும்.

சென்ட்ரிங் பிரித்த அன்று அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஜல்லி மட்டும் தெரியும் தேன்கூடு போன்ற ஓட்டைகள், வெளியே தெரியும் கம்பி, தண்ணீர் கசிந்த ஈரத்தடம். இவற்றை இன்ஜினியர் பார்க்கும் முன் சிமென்ட் பூசி மறைக்கிற வழக்கம் பல இடங்களில் உண்டு. 'பிரித்த தளத்தில் கைவைக்கும் முன் தகவல் சொல்ல வேண்டும்' என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் அந்தச் சிக்கல் வராது.

பூச்சிலிருந்து சாவி வரை

மே நடுவில் தொடங்கும் உள்வேலைதான் பணம் அதிகம் விழுங்குவதும் நாள் இழுப்பதும். ஒரே சமயத்தில் கொத்தனார், எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஆசாரி, டைல்ஸ்காரர், பெயின்டர் என்று ஆறு வகை ஆட்கள். ஒருவர் முடிக்காமல் இன்னொருவர் தொடங்க முடியாது. இங்கேயும் பரிசோதனை மூடும் முன்தான். சுவரில் பதித்த தண்ணீர் பைப்பில் அழுத்தம் ஏற்றிப் பம்ப்பில் உள்ள முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பூச்சு. பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் டேப் வைத்துப் படம் எடுத்துக்கொண்டால், பின்னாளில் ஆணி அடிக்கும்போது பைப்பில் இறங்காது. குளியலறையில் நீர்க்காப்புப் பூச்சு முடிந்ததும், டைல்ஸுக்கு முன், ஓட்டையை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்தி, வெளிச்சுவரில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். டைல்ஸ் ஒட்டியபின் நாணயத்தால் தட்டினால் அடியில் கலவை இல்லாத இடம் வெற்றொலி கொடுக்கும்.

இந்தக் கட்டத்தில் சண்டை வருவது தரத்தால் அல்ல, ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டவற்றால். 'நல்ல டைல்ஸ்' என்று எழுதியிருந்தால் அது யாருக்கு நல்லது என்பதே வழக்காகிவிடும். சதுர அடிக்கு இத்தனை ரூபாய் டைல்ஸ், இன்ன கம்பெனி ஒயர், இத்தனை மின் பாயின்ட் என்று எண்ணால் எழுத வேண்டும். கூடுதல் வேலை எதுவானாலும் செய்யும் முன் தொகையோடு வாட்ஸ்அப்பிலாவது ஒரு வரி வேண்டும்.

ஒப்பந்தக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் சனிக்கிழமைதோறும் கூலி கொடுத்தாக வேண்டும். கம்பிக் கடையில் கடன் நீண்ட நாள் ஓடாது. நிலை முடிந்ததாகச் சொன்ன மூன்று நாளுக்குள் பரிசோதனை, சரியாக இருந்தால் ஏழு நாளுக்குள் பணம், தவறினால் வேலையை நிறுத்த அவருக்கு உரிமை என்று எழுதிவிட்டால் முன்பணம் குறைவு என்ற வருத்தம் அவருக்கும் குறையும். வீட்டுக்காரர் கடன் வாங்குகிறவராக இருந்தால், தவணை நிலைகளை எழுதும் முன் வங்கியின் பட்டியலைக் கேட்டு வாங்குவது அவசியம். வங்கி லிண்டலுக்குப் பணம் விடாமல் கூரைக்குத்தான் விடும் என்றால், இடையில் 14 சதவீதத்தைச் சொந்தக் கையிலிருந்து புரட்ட வேண்டியிருக்கும்.

எல்லாம் சரியாக நடந்தால் ஆவணியில் கிரகப்பிரவேசம். ஒப்படைக்கும் நாளில் மூடாத கதவு, ஒழுகும் குழாய், விட்டுப்போன பெயின்ட் என்று அறை அறையாக எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு பட்டியல். அதை முடித்ததும் 5 சதவீதம். மிச்ச 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் மார்கழி வரை இருக்கும். வடகிழக்குப் பருவமழை தணிந்த பிறகு, ஜன்னல் மேல்மூலை, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் அடி, குளியலறையின் வெளிப்புறம் ஆகிய மூன்று இடங்களிலும் ஈரம் இல்லை என்று இன்ஜினியர் பார்த்துச் சொன்னால் அந்தத் தொகையும் போய்விடும். ஈரம் இருந்தால், அதே ஒப்பந்தக்காரர் வந்து சரிசெய்த பிறகு.